வீட்டின் ஒரு பகுதியை மட்டும் கையால் இடிப்பது: எதை முதலில், எதைக் கடைசியில்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பில் ஒரு சமையலறையும் குளியலறையும் இருக்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு முன்வீட்டில் தொடர்ந்து குடியிருக்கப் போகிறோம். மெஷின் உள்ளே வர வழியில்லை. ஆள் வைத்துக் கையால் இடிப்பதென்றால் எந்த வரிசையில் போக வேண்டும்? கரண்ட், தண்ணீர், கேஸ் இவற்றை என்ன செய்வது? இடிபாட்டை எப்படி வெளியேற்றுவது?

கையால் இடிக்கலாம். மாடியில்லாத கட்டடம், செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்றால், ஒட்டி நிற்கும் வீட்டுக்கு அதிர்வு கொடுக்காமல் எடுக்கக் கைதான் நல்லது. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் இடிப்பதைவிடப் பாதியை இடிப்பது கவனம் கூடுதலாகத் தேவைப்படும் வேலை. போகப்போகிற பாதியும் நிற்கப்போகிற பாதியும் இத்தனை வருடங்களாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அதனால் சம்மட்டியைத் தொடுவதற்கு முன்னால், எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எது எதைச் சாயாமல் பிடித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை முடியும்வரை ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும், "இதை எடுத்தால் எதன் பிடிமானம் போகும்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக உங்கள் பின்பகுதி 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சுவர் 3 மீட்டர் உயரம், ஒன்பது இஞ்சுச் சுவர் (சுமார் 23 செ.மீ.) என்று வைத்துக்கொள்கிறேன். முன்வீட்டின் பின்சுவர்தான் இதற்கும் நான்காவது சுவர், அது நிற்கப்போகிறது. மற்ற மூன்று சுவர்களும் போகப்போகின்றன.

முன்வீட்டுக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். அங்கே இருக்கும் உத்திரமோ கைமரமோ பின்சுவரோடு முடிகிறதா, இல்லை அதைத் தாண்டிச் சமையலறைச் சுவர்வரை நீண்டிருக்கிறதா? பழைய வீடுகளில் பின்னால் கட்டிச் சேர்த்த பகுதிக்காக முன்வீட்டு மரங்களை நீட்டியிருப்பதுண்டு. அப்படி ஒன்று இருந்தாலும், அதற்கு முட்டுக் கொடுத்து வேறு தாங்கல் அமைக்காமல் இடிப்பு வேலையைத் தொடங்கவே கூடாது.

அடுத்து, வெளியிலிருந்து முன்வீட்டின் பின்சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். மேலே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்த ஓட்டுக் கூரை தான் உட்கார்ந்திருக்கும் சுவரை எப்போதும் வெளியே தள்ளப் பார்க்கும். அதைத் தள்ளவிடாமல் உங்கள் சமையலறையின் இரண்டு பக்கச் சுவர்களும் உதைசுவர்போல முட்டி நின்றிருக்கலாம். அவற்றை எடுத்த பிறகு முன்வீட்டுச் சுவர் தனியாக நிற்க வேண்டும். குண்டுநூல் சாய்வு காட்டினாலோ, சுவரில் குறுக்கும் மறுக்குமாக விரிசல் இருந்தாலோ, கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே மேலே போங்கள். சாய்வு இல்லாவிட்டாலும் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது என்பதுதான் என் கருத்து. முட்டு எங்கே, எத்தனை என்று அவர் சொல்லிவிட்டால் பாதி கவலை போய்விடும்.

முன்வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் மேல் ஜிப்சம் சாந்தை வில்லையாகத் தடவி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். ஜிப்சம் வளைந்து கொடுக்காது. விரிசல் கொஞ்சம் அசைந்தாலும் அது வெடித்துவிடும். வேலை நடக்கும் நாட்களில் காலையும் மாலையும் இதைப் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் இருக்க வேண்டும். இடிப்பதற்கு உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

இனி கரண்ட். மெயினில் அந்த எம்சிபியை இறக்கிவிட்டால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். போதாது, அதற்குக் காரணங்கள் உண்டு. பழைய வீட்டில் வயரிங் ஒரே நாளில் செய்யப்பட்டதில்லை. சமையலறை லைட் ஒரு சர்க்யூட்டிலும், பிறகு மாட்டிய கீசர் இன்னொன்றிலும், கொல்லைப்புற விளக்கு முன் அறை சுவிட்சிலிருந்தும் வந்திருக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் சில வயர்களில் கரண்ட் ஓடும். கூரையில் சோலார் பலகை இருந்தால் வெயில் அடிக்கும்வரை அதிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். அதை எந்த மெயின் சுவிட்சும் நிறுத்தாது. யாரோ ஒருவர் எம்சிபியைத் தெரியாமல் ஏற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதே வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள்.

அதனால் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது, அணைத்துக் கொடுப்பதை அல்ல, கழற்றிக் கொடுப்பதை. பின்பகுதிக்குப் போகும் ஒவ்வொரு சர்க்யூட்டின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் போர்டிலேயே கழற்றி, முனையை மூடி, பெயர் எழுதிவிட வேண்டும். பிறகு, முன்வீட்டுச் சுவரைத் தாண்டி வயர் பின்பக்கம் நுழையும் இடத்தில் அதை வெட்டி, ஒரு சாண் அளவுக்குக் கண்ணால் பார்க்கும்படி இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே கரண்ட் இருக்க முடியாது என்று ஆட்களுக்குக் காட்டலாம். அதற்குப் பிறகும் பின்பகுதியின் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியிலும், ஒவ்வொரு விளக்குப் பாயின்ட்டிலும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் முறையும் முக்கியம். இரண்டு முனை உள்ள வோல்ட்டேஜ் டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பாயின்ட்டில் வைத்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பின்பகுதியில் சோதியுங்கள். திரும்பவும் அதே உறுதியான பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது படியில் தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரை நம்பி உயிரை வைக்காதீர்கள். அதில் விளக்கு எரியவில்லை என்பது கரண்ட் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அடிக்கடி தவறிப்போகும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்பது. அது போகப்போகிற சுவரில் இருந்தால் மின்வாரியமே வந்து இடம் மாற்ற வேண்டும். மீட்டருக்கு முந்தைய வயரை உங்கள் எலக்ட்ரீஷியன் தொடக்கூடாது. இன்னொன்று, எர்த். வீட்டின் எர்த் குழி பெரும்பாலும் கொல்லைப்பக்கம் இருக்கும். அதற்குப் போகும் செம்புக் கம்பியோ ஜிஐ பட்டையோ சமையலறைச் சுவரை ஒட்டி இறங்கியிருக்கும். சில பழைய வீடுகளில் தண்ணீர் இரும்புக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். அதை வெட்டினால் முன்வீட்டில் விளக்கு எரியும், மின்விசிறி ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் முன்வீடு முழுக்க எர்த் இல்லாமல் இருக்கும். ஃப்ரிட்ஜ் பாடியில் கரண்ட் கசிந்தால்தான் தெரியவரும். முன்வீட்டுக்குப் புது எர்த் அமைத்து, அதை மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே பழையதைத் தொடுங்கள். வேலைக்குத் தற்காலிகக் கரண்ட் வேண்டுமென்றால் முன்வீட்டிலிருந்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக எடுத்து, கேபிளைத் தரையில் இழுக்காமல் உயரத்தில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

கேஸ் சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை அந்த இடத்தைவிட்டே வெளியே கொண்டுபோய்விட்டால் விஷயம் முடிந்தது. குழாய் கேஸ் என்றால் வால்வை மூடுவதோடு நிறுத்தக்கூடாது. கேஸ் கொடுக்கும் நிறுவனத்தின் ஆட்கள் வந்து, இடிக்கும் பகுதிக்கு வெளியே குழாயைத் துண்டித்து மூடி போட்டுத் தர வேண்டும்.

தண்ணீரில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் பாரம்தான். குளியலறைமேல் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் அது ஒரு டன். முதல் நாளே காலி செய்து இறக்கிவிடுங்கள். வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டு, சுவருக்கு வெளியே வெட்டி எண்ட் கேப் போடுங்கள். மேல்தொட்டியிலிருந்து முன்வீட்டுக்கு வரும் குழாய் இந்தச் சுவர் வழியாகத்தான் இறங்குகிறதா என்று பார்த்து, அதற்கு மாற்றுவழி முன்னதாகவே செய்துகொள்ள வேண்டும். தூசி அடக்கத் தண்ணீர் தேவைப்படும் என்பதால் முன்வீட்டிலிருந்து ஓர் ஓஸ் தனியாக வரட்டும். கழிவுநீர்க் குழாய் வாய்களைச் சாக்கும் துணியும் வைத்து இறுக அடைத்துவிடுங்கள். ஒரு கூடை செங்கல் தூள் உள்ளே போய் இறுகினால் முன்வீட்டுக் கழிவறையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பழைய கழிவுத்தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, சுற்றிலும் தடுப்புக் கட்டுங்கள். அதன் மூடிமேல் ஆள் நிற்கவோ இடிபாடு குவிக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளை மயக்கிவிடும். எட்டிப் பார்க்கக்கூட யாரையும் இறங்கவிடாதீர்கள்.

இவை முடிந்தபின் உள்ளே இருக்கும் பொருட்களை எடுக்கலாம். சிங்க், அலமாரி, கதவு இலைகள், கண்ணாடி எல்லாம் போகட்டும். ஆனால் ஜன்னல் நிலையையும் கதவு நிலையையும் இப்போதே பெயர்க்காதீர்கள். பழைய சுவர்களில் மேல்சுவரைத் தாங்கும் லிண்டல் இல்லாமல் மர நிலையின்மேலேயே செங்கல் அடுக்கியிருப்பதுண்டு. இருக்கும் லிண்டலும் உளுத்துப்போய், நிலைதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சுவர் அந்த மட்டத்துக்கு இறங்கி வரும்போது நிலை தானாக விடுபடும். நல்ல தேக்கு நிலையாயிற்றே, முதலில் பத்திரப்படுத்திவிடலாம் என்று ஆசைப்பட்டுத்தான் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கூரை மேலிருந்து கீழே வர வேண்டும். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால், உச்சியில் தொடங்கினால் ஒவ்வொன்றும் உடையாமல் வரும். ஓட்டின்மேல் ஆள் நடக்கக்கூடாது. உள்ளே சாரம் அமைத்து அதன்மேல் நின்று, தலைக்கு மேலே இருக்கும் ஓட்டை எடுத்துக் கைமாற்றிக் கீழே அனுப்பலாம். ஓடு முடிந்ததும் ரீப்பர், பிறகு கைமரம். ரீப்பரை மொத்தமாக உரித்துவிட்டால் கைமரங்கள் ஒன்றையொன்று பிடிக்க எதுவும் இல்லாமல் புரண்டு விழும். அதனால் இரண்டு மூன்று ரீப்பரை விட்டுவைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு கைமரமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். கைமரத்தின் மேல்முனை முன்வீட்டுச் சுவருக்குள் புதைந்திருந்தால் நெம்பாதீர்கள். நெம்பினால் அது நெம்புகோலாகிச் சுற்றியுள்ள செங்கலைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுவரை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் துண்டைப் பின்னால் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

கூரையில் ஓட்டுக்குப் பதில் பழைய சிமென்ட் ஷீட் இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் உரிமம் பெற்றவர்கள்தான் அதைத் தொடலாம். முதலில் அதை விசாரியுங்கள். உடைக்கவோ, அறுக்கவோ, உயரத்திலிருந்து போடவோ கூடாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றி ஒட்டி, மற்ற இடிபாட்டோடு கலக்காமல் தனியாக அனுப்ப வேண்டும். அதன் இழைத்தூசிக்கு முகத்தில் கட்டும் துண்டு எந்தத் தடையும் இல்லை. முகத்தில் சரியாகப் பொருந்தும் பி3 வகை வடிகட்டி மாஸ்க் வேண்டும்.

அடுத்ததாகச் சன்ஷேடும் பரணும். கையால் இடிக்கும் வேலையில் மிகவும் ஏமாற்றும் பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். ஜன்னலுக்கு மேலே 60 செ.மீ. நீட்டிய, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, 7.5 செ.மீ. கனமான கான்கிரீட் சன்ஷேடு சுமார் 170 கிலோ இருக்கும். அதன் வெளிமுனையைத் தாங்க எதுவும் கிடையாது. லிண்டலோடு சேர்த்து வார்த்து, லிண்டலின் மேல் செங்கல் சுவர் ஏறி அழுத்துவதால்தான் அது கவிழாமல் நிற்கிறது. சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஒவ்வொரு வரிசையும் போகப் போக அழுத்தும் பாரம் குறைகிறது. ஆனால் சன்ஷேடு அசையாமல் அப்படியே நிற்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லிண்டலுக்கு மேலே சுமார் அரை மீட்டர் சுவர் மிச்சமிருக்கும்போது, சன்ஷேடு கவிழப் பார்ப்பதும் சுவர் அழுத்திப் பிடிப்பதும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் இரண்டு வரிசை செங்கலை எடுத்தாலோ, ஓர் ஆள் சன்ஷேட்டில் கால் வைத்தாலோ, மொத்தமும் முன்னறிவிப்பில்லாமல் வெளியே புரளும். கீழே நிற்பவருக்கு நகர நேரம் இருக்காது.

அதனால் சுவரை மேலே முழு உயரத்தில் விட்டுவைத்துக்கொண்டே சன்ஷேட்டை முடித்துவிடுங்கள். வெளி விளிம்பின் அடியில் பலகை வைத்து இரண்டு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். முட்டின் காலும் மண்ணில் புதையாமல் பலகைமேல் நிற்க வேண்டும். பிறகு சாரத்தின்மேல் நின்று, வெளிவிளிம்பிலிருந்து சுவரை நோக்கிச் சிறுசிறு துண்டுகளாகக் கொத்தி, கம்பியை வெட்டிக்கொண்டே வாருங்கள். சுவர் ஓரத்தில் முதலில் கொத்தினால் முழுப் பலகையும் ஒரே துண்டாகத் தொங்கும். சமையலறைக்கு உள்பக்கம் நீட்டியிருக்கும் பரணுக்கும் இதே முறைதான்.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வேலை, பிரிப்பு. பக்கச் சுவர்கள் முன்வீட்டுச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல் பல் வைத்துக் கட்டியிருக்கும். பக்கச் சுவரைத் தட்டும் ஒவ்வொரு அடியும் அந்தப் பல் வழியாக முன்வீட்டுக்குப் போகும். ஏதாவது பெயர்ந்து விழுந்தால் முன்வீட்டுச் சுவரிலும் ஒரு பிடி இழுத்துக்கொண்டு போகும். பூச்சைச் சுரண்டி மூலையின் செங்கல் வரிசை தெரியும்படி செய்யுங்கள். முன்வீட்டுச் சுவரிலிருந்து ஒரு செங்கல் நீளம் தள்ளிப் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு போடுங்கள். சாரத்தில் நின்று, சின்னச் சுத்தியலும் தட்டை உளியும் வைத்து, அந்தக் கோட்டில் இருக்கும் செங்கற்களை ஒவ்வொன்றாகச் சாந்து மூட்டில் கொத்தி வெளியே எடுங்கள். ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி போதும். முன்வீட்டோடு ஒட்டியிருக்கும் பல் அப்படியே இருக்கட்டும்.

இதை ஒரே மூச்சில் தரைவரை கொண்டுபோகக்கூடாது. முழு உயரத்துக்கும் பிரித்துவிட்டால் பக்கச் சுவரின் ஒரு முனை பிடிமானமில்லாமல் போய்விடும். முதலில் மேலே ஒரு மீட்டர் பிரியுங்கள். அந்த ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று சுவர்களையும் எடுத்து முடியுங்கள். பிறகு அடுத்த மீட்டர். பிரிப்பும் இடிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கி வர வேண்டும்.

இப்போது சுவர். கூரை இருந்தவரை சுவரின் தலையை அது பிடித்திருந்தது. கூரை போன பிறகு மூலையில் சேரும் சுவர்கள்தான் ஒன்றையொன்று பிடிக்கின்றன. அதனால் மூன்று சுவர்களும் ஒரே மட்டத்தில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். இரண்டு பக்கச் சுவர்களையும் முடித்துவிட்டு 5 மீட்டர் பின்சுவரைத் தனியாக நிறுத்தி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படி நிற்கும் சுவர் சுமார் ஆறரை டன். ராத்திரி அடிக்கும் ஒரு காற்றுக்கு அது விழலாம். நாள் முடியும்போது எந்தச் சுவரும் மூலைப் பிடிப்பில்லாமல் நிற்கக்கூடாது.

அடிச்சுவரைக் கொத்திப் பலவீனமாக்கிக் கயிறு கட்டி இழுப்பது, ஆட்கள் சேர்ந்து தள்ளுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். நேரம் மிச்சம் என்று சொல்வார்கள். சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதை அடியைக் கொத்துபவர் தீர்மானிப்பதில்லை. உள்ளே எந்த மூட்டு முதலில் விடுகிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. சுவரின் தலையில் ஏறி நின்றுகொண்டு காலடியிலேயே கொத்துவதும் அதேபோலத்தான். சாரத்தில் நில்லுங்கள். அந்தச் சாரம் இடிக்கும் சுவரில் கட்டப்படாமல் தன் காலில் தானே நிற்பதாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் மூட்டில் உளியை வைத்து ஒரு தட்டு, கடப்பாரை முனையால் ஒரு நெம்பு, செங்கல் முழுதாக வந்துவிடும். இரண்டு மூன்று செங்கலுக்கு மேல் ஒரே நேரத்தில் பெயர்க்காதீர்கள். பெயர்த்ததை உள்பக்கமாகவே இறக்குங்கள். சுவருக்கு வெளியே குறைந்தது சுவரின் ஒன்றரை மடங்கு உயரத்துக்கு, அதாவது நாலரை மீட்டர் தூரத்துக்குக் கயிறு கட்டி யாரும் வராமல் பாருங்கள். அவ்வளவு இடம் இல்லாமல் பக்கத்து வீட்டு எல்லை வந்துவிட்டால், அந்தப் பக்கம் தகரமோ பலகையோ வைத்து மறைப்புக் கட்ட வேண்டும். அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தூசி அடக்கத் தண்ணீர் தெளிப்பதிலும் அளவு உண்டு. செங்கல், சாந்து, கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது; நாள்பட்டால் நுரையீரலை அரிக்கும். கொத்தும் இடத்தில் தெளிக்க வேண்டும், என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போட வேண்டும். ஆனால் சுவர் முழுவதையும் ஓஸ் வைத்து ஊறவைக்காதீர்கள். மண் சாந்தில் கட்டிய சுவர் ஊறினால் மூட்டு குழைந்து, நீங்கள் தொடாத பகுதி தானே சரியும். சாவி முனையால் மூட்டைச் சுரண்டிப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் தெளிப்பைப் பூத்தூவல் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சுவரை மழைநாளில் தொடவே வேண்டாம்.

வேலையை நிறுத்த வேண்டிய அறிகுறிகள் சிலவற்றை எல்லா ஆட்களுக்கும் சொல்லிவையுங்கள். யாரும் தட்டாத இடத்தில் சாந்துத் தூள் உதிர்வது, விளிம்பு வெளுப்பாக, அழுக்கில்லாமல் தெரியும் புது விரிசல், முன்வீட்டில் நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று உரசுவது, ஜிப்சம் வில்லை வெடிப்பது, கொடுத்திருந்த முட்டு தளர்வதோ இறுகுவதோ. இவற்றில் எது தெரிந்தாலும் எல்லோரும் வெளியே வந்து, முன்வீட்டையும் காலி செய்துவிட்டு, பொறியாளர் பார்த்தபின் தொடர வேண்டும்.

இடிபாடு எவ்வளவு வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். மூன்று சுவர்களும் சேர்ந்து 11 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 29 சதுர மீட்டர். ஒன்பது இஞ்சுக் கனத்துக்கு அது 6.7 கன மீட்டர் செங்கல் வேலை. இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்தால் ஏழரை. எடை ஏறக்குறைய 14 டன். உடைந்த பிறகு இடையிடையே வெற்றிடம் விழுவதால் அது உப்பி 11 கன மீட்டர் ஆகிவிடும். ஒரு கூடையில் 20 கிலோ என்றால் எழுநூறு நடை. மெஷின் வராத வழியில் இந்த எழுநூறு நடையும் ஆள் கால்நடையாகத்தான் போக வேண்டும். அதனால் இடிப்பவர் எண்ணிக்கையைவிடச் சுமப்பவர் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். இடிப்பவர் முந்திக்கொண்டே போனால் குவியல் ஏறும், ஆட்கள் குவியல்மேல் ஏறி நின்று வேலை செய்வார்கள், தடுக்கி விழுவார்கள்.

குவியலைச் சுவரில் சாய்த்து ஏற்றக்கூடாது. அது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். முன்வீட்டுச் சுவர்மேல் சாய்ந்தால் இன்னும் மோசம். கீழே வெறும் மண்மேல் போட்ட தரை என்றால் பாரத்துக்குப் பயமில்லை. ஆனால் தரைக்கு அடியில் நிலவறையோ தொட்டியோ இருந்தால், அல்லது வழியில் முன்வீட்டு மாடியிலோ தளத்திலோ தற்காலிகமாகக் கொட்ட நினைத்தால் யோசியுங்கள். வீட்டுத் தளம் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குத்தான் கணக்கிடப்படுகிறது. இடிபாடு ஒரு சாண் உயரம் இருந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். முழங்கால் உயரக் குவியல் அதைப்போல மூன்று மடங்கு.

சுமக்கும் வழி ஒன்றாக, அகலமாக, ஆணி துருத்தாமல் இருக்கட்டும். ரீப்பரிலும் நிலையிலும் இருக்கும் ஆணிகளை அன்றன்றே பிடுங்குங்கள், இல்லை மடக்கி அடியுங்கள். இடிப்பு வேலையில் காலில் ஆணி ஏறுவது அடிக்கடி நடக்கும். முழு ஓடு, முழுச் செங்கல், மரம், இரும்பு ஆகியவற்றை வரும்போதே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் செங்கல் இரண்டு தட்டில் சுத்தமாகும். மறுபடி கட்ட உதவும். சிமென்ட் சாந்தில் கட்டியதைச் சுத்தம் செய்ய முயன்றால் செங்கல்தான் உடையும், அதை விட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் நொறுங்கலைக் கட்டட இடிபாடு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கு அனுப்புங்கள். வடிகாலிலோ குளத்தோரத்திலோ கொட்டாதீர்கள். பழைய பெயின்ட் உரிந்த செதில்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் அவற்றைப் பெருக்கிப் பறக்கவிடாமல் நனைத்து அள்ளிப் பையில் கட்டுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் பின்கதவு இடுக்குகளைப் பாலித்தீனால் ஒட்டி மூடிவிடுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கதவு திறக்கவே வேண்டாம்.

கடைசியாகத் தரையும் அஸ்திவாரமும். தரையை உடைத்து எடுக்கலாம். அஸ்திவாரத்தில் அவசரப்படாதீர்கள். பக்கச் சுவரின் அஸ்திவாரம் முன்வீட்டு அஸ்திவாரத்தோடு சேர்ந்த கட்டாக இருக்கும். முன்வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் வரை அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. முன்வீட்டு அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே அதை ஒட்டிக் குழி தோண்டினால் மண் பக்கவாட்டில் நழுவிச் சுவர் இறங்கும். புதிய கட்டடத்துக்கு அங்கே ஆழமாகத் தோண்டியே ஆக வேண்டும் என்றால், ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கட்டி முடித்துக்கொண்டு போகும் முறை இருக்கிறது. அதைப் பொறியாளர் வரைபடம் இல்லாமல் செய்யாதீர்கள்.

முன்வீட்டின் பின்சுவர் இதுவரை வீட்டுக்குள் இருந்த சுவர். அதற்கு மழை தெரியாது, வெளிப்பூச்சு கிடையாது, கைமரம் போன ஓட்டைகளும் இருக்கும். ஓட்டைகளைச் சுவர் எந்தச் சாந்தில் கட்டியதோ அதே வகைச் சாந்தும் செங்கலும் வைத்து அடையுங்கள். பூச்சு வேலை முடியும்வரை மேலிருந்து தார்ப்பாயோ ஷீட்டோ இறக்கிக் கட்டி, அடியில் தண்ணீர் தேங்காமல் வெளியே ஓடும்படி மண்ணைச் சரித்து விடுங்கள். விட்டுவைத்த செங்கல் பற்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சீராக வெட்டிக்கொள்ளலாம். அங்கேயே புதுச் சுவர் வரப்போகிறதென்றால் வெட்டுவதா, அதோடு சேர்த்துக் கட்டுவதா என்பதைப் புதுச் சுவரின் அஸ்திவாரத்தைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும்.